நடுவயல்ல வட்டம் விழுந்தா புகையானா, எலியா?

"அண்ணே, போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க. நடுவயல்ல நெல்லு வட்டமா காஞ்சு போச்சு, ஓரமெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. எது திங்குது? என்ன மருந்து? நாளைக்கே அடிக்கணும்."

தம்பி, நாளைக்கு அடிக்காத. ஒரு நாள் பொறு, ஏன்னு சொல்றேன்.

போட்டோவை நல்லா பெருசாக்கி பாத்தேன். வரப்புல நின்னு சாயங்காலம் எடுத்திருக்க, நிழல் நீளமா விழுந்திருக்கு. சாயங்கால வெயில்ல செல்போன் கேமரால பச்சைப் பயிரே மஞ்சளாத்தான் தெரியும், அதனால நிறத்தை வச்சு நான் எதுவும் சொல்லப் போறதில்லை. வட்டம் தெரியுது, உள்ள இருக்கிற பயிர் வைக்கோல் மாதிரி இருக்கு, வலது பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு, வரப்பை ஒட்டி ரெண்டு மூணு அடி நல்ல பச்சை. இவ்வளவுதான் அந்தப் படத்துல இருக்கு. பயிரோட மேல் இலையைத் தவிர வேற எதுவும் கேமராவுக்குத் தெரியல. ஆனா இந்த மாதிரி சேதத்துல விஷயம் பூராம் கீழ, தூரடியில, தண்ணிக்கு மேல நாலு விரக்கடை உசரத்துல நடக்குது.

எனக்கு மனசு புகையான் பக்கம்தான் சாயுது, தூரடியில உக்காந்து சாறு உறிஞ்சுற அந்தச் சின்னப் பூச்சி. இருந்தாலும் இதே மாதிரி ஒரு படத்தைப் பாத்துட்டு நான் ஒரு தடவை தப்பா சொல்லி, ஒரு சம்சாரிக்கு காசும் போச்சு பயிரும் போச்சு. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

"நடுவுல காஞ்சிருக்கு ஓரம் பச்சையா இருக்கு"ன்னு நீ எழுதினது நல்ல கவனிப்புதான், ஆனா அந்த அடையாளம் ரெண்டு பேருக்கும் பொது. புகையானும் நடுவுலதான் ஆரம்பிக்கும், எலியும் நடுவுலதான் ஆரம்பிக்கும், காரணம் மட்டும் வேற வேற. புகையானுக்கு அடர்த்தியா, காத்து நுழையாம, வெயில் படாம, தூரு நனைஞ்சு கசகசன்னு இருக்கிற இடம் வேணும். வரப்போரத்துல காத்தும் வெயிலும் உள்ள போகும், அது அங்க அவ்வளவா தங்காது. எலிக்கு வேற கணக்கு, அதுக்கு ஆந்தை, நரி, பாம்பு எல்லாத்துக்கும் பயம், வரப்போரத்துல மறைவு இல்லாம உக்காந்து திங்காது, அதனால ஓரத்துல ரெண்டு மூணு அடி விட்டுட்டு உள்ள போயி நிம்மதியா வெட்டும். ரெண்டையும் தூரத்துல இருந்து பாத்தா ஓரம் பச்சை நடு காய்ச்சல்னு ஒரே படம்தான்.

நான் தப்பு பண்ண கதையைச் சொல்றேன். கல்லல் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசனம், ரெண்டு வயலும் ஒரே கண்மாய்த் தண்ணி, நடுவுல ஒரு முன்னூறு மீட்டர் இருக்கும். ரெண்டுலயும் ஆர்என்ஆர் ரகம், ஐப்பசி கடைசியில நட்டது. மார்கழி கடைசியில ஒரே வாரத்துல ரெண்டு பேரும் எனக்கு போட்டோ அனுப்பினாங்க, நடுவயல், வட்டம், ஓரம் பச்சை. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எது யாரோடதுன்னு எனக்கே தெரியல. அந்த வருஷம் மார்கழியில மழை விட்டு வானம் மூடாக்கா புழுக்கமா கெடந்துச்சு, புகையானுக்குத் தோதான நாளு, அதனால நான் யோசிக்காம ரெண்டு பேருக்கும் புகையான் மாதிரி தெரியுதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தர் வயலுக்கு நான் மறுநாள் போக முடிஞ்சது. இன்னொருத்தர் என் பேச்சை நம்பி நல்ல விலையில மருந்து வாங்கி அடிச்சார், வட்டம் நிக்கல, அஞ்சாம் நாள் திருப்பி அடிச்சார், அப்பவும் நிக்கல. பத்தாம் நாள் போயி தண்ணிக்குள்ள இறங்கிப் பாத்தா வெட்டின தூரு மிதக்குது. எலி. அந்த பத்து நாள்ல வட்டம் மூணு மடங்கு ஆயிருந்துச்சு.

அவர்ட்ட நான் ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டிருந்தா போதும். வயல் எங்க இருக்கு? இதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்க? அவர் வயல் கண்மாய்க் கரையை ஒட்டி, கரை பூராம் சீமைக்கருவை, வரப்பு ரெண்டடி அகலத்துக்கு மேடா கெடக்கு, அதுல வளை. அவர் அந்த பருவத்துல ஒரு மருந்தும் அடிச்சதில்லை, யூரியாவும் அளவாத்தான் போட்டிருந்தார். இதெல்லாம் தெரிஞ்சிருந்தா எலிதான் முதல்ல மனசுல வந்திருக்கும். படத்துல கரையும் இல்ல, வரப்பும் இல்ல, ஏன்னா அவர் கரை மேல நின்னுதான் படமே எடுத்திருக்கார்.

இப்ப இன்னொரு வயலுக்கு வர்றேன், உன்னுது அந்த மாதிரிதான் இருக்கும்னு நினைக்கிறேன், அதனால அதை நிதானமா சொல்றேன்.

அது பள்ளவயல். மேல இருக்கிற மூணு வயலோட தண்ணி வாய்மடை வழியா இறங்கி இங்கதான் வந்து நிக்கும், நட்ட நாள்ல இருந்து அந்த வயல் காஞ்சதே இல்லைன்னு அவரே சொன்னார். கதிர் வந்து முழுசா வெளிய தள்ளி, பால் பிடிக்கிற நேரம். பயிர் இடுப்புக்கு மேல, கரும்பச்சையா, கையை உள்ள விட இடமில்லாம அடர்த்தி. யூரியா எவ்வளவு போட்டீங்கன்னு கேட்டேன், பயிர் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்துச்சுன்னு கடைசி உரத்தோட ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடப் போட்டேன்னார், ஒரு மூட்டைன்னா 45 கிலோ. சரி மருந்து? நட்டு முப்பத்தஞ்சு நாள்ல இலைச்சுருட்டுப்புழு விழுந்து இலையெல்லாம் வெள்ளைக் கோடா சுரண்டியிருந்துச்சு, கடையில குடுத்த லாம்ப்டா சைஹலோத்ரின் ஒரு தடவை, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. புழு செத்துச்சா? செத்துச்சு, சுத்தமா செத்துச்சு.

அந்த இடத்துலதான் எனக்கு விஷயம் விளங்குச்சு. அந்த மருந்து செயற்கை பைரித்ராய்டு வகை. புழுவை மட்டும் கொல்லாது, வயல்ல இருக்கிற சிலந்தி, புகையான் முட்டையைக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சி, தண்ணி மேல ஓடுற பூச்சின்னு காவல்காரங்களையும் சேத்துக் கொல்லும். புகையான் முட்டை இலையுறைக்குள்ள சொருகி இருக்கும், மருந்து அங்க போகாது. ஆக ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை பொரிச்சு வெளிய வரும்போது அதைத் தின்ன ஆளே இல்ல. முட்டையில இருந்து குஞ்சு, குஞ்சுல இருந்து வளர்ந்த பூச்சின்னு ஒரு சுத்து முடிய ஏறத்தாழ ஒரு மாசம் ஆகும், ஒரு தாய்ப்பூச்சி நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். அவர் முதல் தடவை அடிச்ச நாள்ல இருந்து எண்ணினா ஏறத்தாழ ஒரு சுத்து முடிஞ்சு கூட்டம் பெருத்த நேரம்தான் அந்த மார்கழிக் கடைசி. முப்பத்தஞ்சு நாள் பயிர்ல புழு சுரண்டினது பயங்கரமா தெரிஞ்சாலும் பயிர் புது இலை விட்டு அதை ஈடு கட்டிரும், பத்து இலையில ஒண்ணுக்கு மேல அடி வாங்கினாத்தான் அந்த வயசுல மருந்தைப் பத்தியே யோசிக்கணும். அவர் கண்ணுக்குத் தெரிஞ்ச சின்ன சேதத்துக்கு பயந்து, கண்ணுக்குத் தெரியாத பெரிய சேதத்துக்கு வாசலைத் திறந்து விட்டுட்டார். அவரைக் குத்தம் சொல்லல, வெள்ளையா கெடக்கிற இலையைப் பாத்துட்டு சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் நடந்த கதை இல்ல. இந்தோனேசியாவுல 1970கள்லயும் 80கள்லயும் நெல்லுக்கு மருந்து அடிக்க அடிக்க புகையான் பெருகுச்சு, கடைசியில 1986ல அந்த நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கிற 57 வகை மருந்தைத் தடை பண்ணுச்சு. மருந்து பத்தாம இருந்து வந்த வினை இல்ல அது, மருந்தாலயே வந்தது.

சரி, அந்த வயல்ல இறங்கி என்ன பண்ணேன்னு சொல்றேன், நாளைக்கு காலைல நீ அதையே பண்ணு. காலைல ஏழு எட்டு மணிக்குப் போ. காஞ்ச வட்டத்துக்கு நடுவுல போயி தேடாத, அங்க ஒண்ணும் இருக்காது. செத்த பயிர்ல சாறு இல்ல, பூச்சி எல்லாம் பச்சையைத் தேடி வெளிய நகந்திருக்கும். வட்டத்தோட விளிம்புல, மஞ்சள் முடிஞ்சு பச்சை ஆரம்பிக்கிற இடத்துல நில்லு. ஒரு குத்தைக் கையால மெதுவா சாச்சு, தூரடியைத் தண்ணிப் பக்கம் பாத்து உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டு. புகையானா இருந்தா பொலபொலன்னு தண்ணியில விழும், விழுந்த வேகத்துல தண்ணி மேலயே துள்ளும், குறுக்கால நடந்து தண்டுக்கு அந்தப் பக்கம் ஒளியும். அரை அரிசி அளவு, காபிப்பொடி நிறம், குஞ்சு வெளுப்பா இருக்கும். தண்ணி இல்லைன்னா வெள்ளைத் தட்டோ வெள்ளைத் தாளோ தூரடியில பிடிச்சு தட்டு. தூரைத் தொட்டுப் பாரு, பிசுபிசுன்னு ஒட்டும், அது கழிக்கிற தேன் மாதிரி கழிவு. நாள் ஆயிருந்தா அது மேல கரி பூசின மாதிரி பூசணம் படிஞ்சிருக்கும். வெள்ளை வெள்ளையா உரிச்ச சட்டை தண்ணியில மிதக்கும்.

அங்க ஒரு விஷயத்துல மட்டும் ஏமாறாத. இலை மேல பச்சையா தத்துற பூச்சி புகையான் இல்ல, அது பச்சைத் தத்துப்பூச்சி. அதே மாதிரி தூரடியில பச்சையா மெலிசா, தலையும் தோளும் கறுப்பா, ரொம்ப வேகமா ஓடுற ஒண்ணு இருக்கும், அதுதான் நான் சொன்ன மிரிட் நாவாய்ப்பூச்சி, நம்ம ஆளு. அதைப் புகையான் கணக்குல சேத்துறாத, சிலந்தி கணக்கு மாதிரி தனியா எழுதிக்க.

இப்ப எண்ணு. வட்டத்து விளிம்புல மட்டும் எண்ணிட்டு வந்தா கணக்கு பெருசாத் தெரியும், அதனால வயலைக் குறுக்கால நடந்து அங்கங்க பத்து குத்து எடு. ஒவ்வொரு குத்துலயும் பூச்சி எத்தனை, தூர், அதாவது கிளைச்ச தண்டு, எத்தனை, சிலந்தி எத்தனை. நம்ம பக்கம் வேளாண்மைத் துறையும் பல்கலைக்கழகமும் சொல்ற அளவு என்னன்னா, சிலந்தி இல்லைன்னா தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு பூச்சி, அதைத் தாண்டினாத்தான் மருந்து. நான் பாத்த பள்ளவயல்ல பத்து குத்துல தூர் 150, புகையான் அறுநூத்துச் சொச்சம், ஆக தூருக்கு நாலு. சிலந்தி பத்து குத்துக்கும் சேத்து ரெண்டே ரெண்டு, மிரிட் ஒண்ணு கூட இல்ல. யோசிக்க வேண்டிய அவசியமே இல்ல, அடிச்சே ஆகணும். ஆனா அதே நாள்ல அவருக்கு மேல இருக்கிற வயலையும் சும்மா எண்ணிப் பாத்தேன், தண்ணி நிக்காத வயல், பைரித்ராய்டு அடிக்காத வயல், பத்து குத்துல புகையான் எழுபது சொச்சம், சிலந்தி பதினாலு. தூருக்கு அரை கூட வரல. அந்த வயல்காரரும் பக்கத்து வயலைப் பாத்துட்டு பம்பைத் தூக்கிட்டு நின்னார், வேணாம்னு சொல்லி அனுப்பினேன், அறுவடை வரைக்கும் வட்டம் விழல.

தட்டிப் பாத்து ஒண்ணும் விழலையா, தூரடியை நல்லா உத்துப் பாரு. எலியா இருந்தா தண்டு சாய்வா வெட்டியிருக்கும், கத்தியால சீவின மாதிரி, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல. வெட்டின தூரு பக்கத்துலயே கெடக்கும், இன்னைக்கு வெட்டினது பச்சையா, முந்தாநாள் வெட்டினது வைக்கோலா. புகையான் பட்ட பயிர் வேரோட நின்ன இடத்துலயே காயும், சாஞ்சாலும் அறுந்திருக்காது. வட்டத்தை உசரத்துல நின்னு பாத்தா எலி வெட்டின இடம் குழி விழுந்த மாதிரி தெரியும், புகையான் பட்டது அதே உசரத்துல நிறம் மட்டும் மாறி நிக்கும், ஆரம்பத்துலயாவது. வரப்புல வளை வாயில புது மண்ணு தள்ளியிருக்கான்னு பாரு. சந்தேகம்னா சாயங்காலம் எல்லா வளையையும் சேத்தை வச்சு அடைச்சுட்டு வா, காலைல எதெது திறந்திருக்கோ அதுல ஆள் இருக்கு.

தண்டு அறுபடல, பூச்சியும் இல்ல, ஆனா கதிர் மட்டும் வெள்ளையா நிக்குதுன்னா அந்தக் கதிரைப் பிடிச்சு மெதுவா இழு. சுலபமா உருவிட்டு வந்துச்சுன்னா தண்டுத்துளைப்பான். ஆனா அது பெரும்பாலும் வட்டம் போடாது, வயல் பூராம் அங்கொண்ணு இங்கொண்ணா வெள்ளைக்கதிரா நிக்கும், உன் படத்துல அப்படி இல்ல. அதுவும் இல்லைன்னா கீழ மண்ணைப் பாரு, வெடிச்சிருந்தா மேட்டு இடம் காஞ்சிருக்கு, அவ்வளவுதான், நம்ம செம்மண் வயல்ல சமன் பண்ணாம விட்ட மேடு இப்படித்தான் முதல்ல வெளுக்கும். யூரியா மூட்டையைக் கொட்டி வச்ச இடமும் வட்டமா கருகும், அது உனக்கே ஞாபகம் இருக்கும்.

புகையான்னு உறுதியானா முதல் வேலை மருந்து இல்ல, தண்ணி. வயல்ல நிக்கிற தண்ணியை வடிச்சு மூணு நாலு நாள் சேறு மட்டும் இருக்கிற மாதிரி விடு. தூரடி காஞ்சா அதுக்கு இடம் பிடிக்காது. ஆனா இந்த இடத்துல புத்தகம் சொல்றதை அப்படியே பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா நம்ம கண்மாய்ப் பாசனம். ஆத்துப் பாசனத்துல இன்னைக்கு வடிச்சா நாலு நாள் கழிச்சு திருப்பி விட்டுக்கலாம். நம்மளுக்கு தை பிறக்கும்போது கண்மாய்ல எவ்வளவு கெடக்குன்னு பாத்துட்டுத்தான் மடையைத் தொடணும், பால் பிடிக்கிற நேரத்துல வடிச்சுட்டு அப்புறம் தண்ணி கிடைக்கலைன்னா புகையான் விட்டதை சாவியாப் பறிகொடுப்ப. கண்மாய்ல அரைக் கண்மாய் கெடந்தா தைரியமா வடி. தண்ணி குறைவுன்னா முழுசா வடிக்காத, ஈரம் காயாத அளவுக்கு கொஞ்சமா விட்டு வச்சுக்க. வடிக்கிறப்ப கீழ்வயல்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, உன் வயல் தண்ணியோட விழுந்த பூச்சியும் அவர் வயலுக்குத்தான் போகும்.

அடுத்தது பயிரைப் பிரிச்சு விடுறது. நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டிருந்தா இப்ப கவலை இல்ல, விடலைன்னா நீளக் குச்சியை வச்சு எட்டடிக்கு ஒரு இடம் பயிரை ரெண்டு பக்கமும் ஒதுக்கி வழி உண்டாக்கு. காத்து போகும், வெயில் போகும், முக்கியமா நீ உள்ள நடந்து போயி மருந்தைத் தூருக்கு அடிக்க முடியும்.

மருந்துன்னா, பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி ஏக்கருக்கு 120 கிராம், இல்லைன்னா டிரைஃப்ளுமெசோபைரிம் 10 எஸ்சி ஏக்கருக்கு 94 மில்லி. ரெண்டுல ஒண்ணு, ரெண்டையும் கலக்காத. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி, குறைக்காத, மேல தூவிட்டுப் போனா கீழ இருக்கிறதுக்குப் படாது. நாசிலைத் தூருக்குத் தாழ்த்திப் பிடிச்சு, வட்டத்துக்கு வெளிய பச்சையில இருந்து ஆரம்பிச்சு உள்ள வா, உள்ள இருந்து வெளிய அடிச்சா விரட்டி விடுற மாதிரி ஆயிரும். ட்ரோன்ல அடிக்கலாமான்னு இப்ப எல்லாரும் கேக்குறாங்க. ட்ரோன் ஏக்கருக்கு பத்து லிட்டர் அளவுதான் தெளிக்கும், இவ்வளவு அடர்ந்த பயிர்ல அது பெரும்பாலும் மேல் இலையிலயே நின்னுரும், இலை மேல இருக்கிற புழுவுக்குச் சரி, தூரடிப் பூச்சிக்கு நான் கைப்பம்பைத்தான் சொல்லுவேன்.

பைமெட்ரோசின் அடிச்சா ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. அடிச்ச மறுநாள் போயி தட்டினா பூச்சி உசுரோட விழும். மருந்து வேலை செய்யலைன்னு பயந்து வேற மருந்தை அடிச்சுறாத. அது பூச்சியை உடனே கொல்ற மருந்து இல்ல, சாறு உறிஞ்ச விடாம வாயைக் கட்டுற மருந்து, பட்டினி கெடந்து சாக சில நாள் ஆகும், அதுக்குள்ள சேதம் நின்னுரும். இமிடாகுளோபிரிட் விலை குறைச்சலா கிடைக்கும், ஆனா புகையான் பல இடத்துல அதுக்குப் பழகிப் போச்சு, காசு குறைவுன்னு அதை வாங்காத. பைரித்ராய்டு எதையும், "கலவை மருந்து"ன்னு பேரை மாத்திக் குடுத்தாலும், இந்தப் பயிருக்கு இனிமே தொடாத. டப்பாவைத் திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிச்சுட்டு வாங்கு, சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின்னு "த்ரின்" முடிஞ்சா கீழ வச்சுட்டு வா. அடிச்ச பின்னாடி அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்கணும்னு லேபிள்லயே போட்டிருக்கும். அந்த நாள் பத்தாதுன்னா, அதாவது நெல்லு முத்தி அறுவடைக்கு பத்துப் பதினஞ்சு நாள்தான் இருக்குன்னா, மருந்தே வேணாம், தண்ணியை வடிச்சுட்டு நாலு நாள் முன்னாடியே மிஷினை விட்டு அறுத்துரு. கொஞ்சம் பச்சை நெல்லு கலக்கும், புதுவயல் மில்லுக்காரங்க ஈரம் பாத்து விலையைக் குறைப்பாங்க, அதுவும் நட்டம்தான், ஆனா வட்டம் வயல் பூராம் பரவி சாஞ்சு போனா வர்ற நட்டம் அதைவிடப் பெருசு.

அந்தப் பள்ளவயல்ல இதைத்தான் பண்ணோம். தண்ணியை வடிச்சோம், வழி பிரிச்சோம், பைமெட்ரோசின் ஒரே தடவை. ஏழாம் நாள் எண்ணினேன், தூருக்கு அரைக்கும் கீழ. முட்டையில இருந்து புதுசா வந்த குஞ்சு கொஞ்சம் இருந்துச்சு, ஆனா சிலந்தியும் மேல்வயல்ல இருந்து திரும்பி வர ஆரம்பிச்சிருச்சு, அதனால ரெண்டாவது தடவை அடிக்கல. காஞ்ச வட்டம் திரும்ப பச்சை ஆகாது, அதுல விளைச்சல் போனது போனதுதான், அதை எதிர்பாக்காத. வட்டம் வளரலைன்னாலே மருந்து வேலை செஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

எலின்னு தெரிஞ்சா சுருக்கமா சொல்லிடுறேன். கதிர் வந்த பிறகு விஷ உணவை அது அவ்வளவா சீண்டாது, காலடியில நெல்லு இருக்கும்போது அதுக்கு பிஸ்கட் எதுக்கு. விஷம் வைக்கிறதுக்கு நேரம் நட்ட புதுசுல, ஊர்ல எல்லாரும் சேந்து ஒரே வாரத்துல வச்சாத்தான் பலன். இப்ப இருக்கிற வழி கிட்டிதான், தஞ்சாவூர்க் கிட்டின்னு சொல்ற மூங்கில் கிட்டி. எலி நடந்து நடந்து விழுந்த தடத்துல, வட்டத்தைச் சுத்தி நெருக்கமா சாயங்காலம் வச்சுட்டு காலைல எடு, நாலஞ்சு நாள் விடாம வை. வயலுக்குள்ள ஆந்தை உக்கார பயிருக்கு மேல தலை தட்டாத உசரத்துல குறுக்குக்கட்டை வச்ச குச்சி ஊனு. வர்ற வருஷம் வரப்பை ஒடுக்கிக் கட்டு, அகலமான வரப்புலதான் அது வளை போடும்.

எனக்கு திருப்பி அனுப்பும்போது இந்த மாதிரி அனுப்பு. ஒரு படம் வயல் முழுசும் தெரியுற மாதிரி, நாலு வரப்பும், கண்மாய்க் கரை எந்தப் பக்கம்னும் தெரியணும், தண்ணி எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு கையால சுட்டி ஒண்ணு. ஒரு படம் வட்டத்து விளிம்பு, மஞ்சளும் பச்சையும் சேந்து தெரியணும். ஒரு படம் தூரடி, குத்தைப் பிரிச்சுப் பிடிச்சு, பக்கத்துல ஒரு ரூபாய் காசை வச்சு, காலை வெளிச்சத்துல. படத்துல வராததை எழுது: என்ன ரகம், நட்டு எத்தனை நாள், கதிர் எந்த நிலைமை, யூரியா எவ்வளவு எப்ப, என்னென்ன மருந்து எந்தெந்த நாள்ல, அதோட டப்பா படம், தண்ணி தேங்கி நின்னுச்சா காய விட்டியா. பக்கத்து வயல்ல வட்டம் இருக்கா இல்லையான்னும் பாத்து எழுது, இல்லைன்னா அதுவும் ஒரு தகவல்தான், உன் வயல்ல மட்டும் நீ செஞ்சது என்னன்னு தேட அது உதவும். நேர்ல ஒருத்தர் வந்து பாத்தா இன்னும் நல்லது, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு குத்தைத் தூரோட பிடுங்கி பாலிதீன் பையில பூச்சியோட கட்டி எடுத்துட்டுப் போனாலும் பாத்துச் சொல்வாங்க.

நாளைக்கு காலைல போறப்ப நாலு குச்சி எடுத்துட்டுப் போ. காஞ்ச வட்டத்தோட விளிம்புல நாலு திசைக்கும் ஒண்ணு ஊனிட்டு வா. உன் எண்ணிக்கை தூருக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருந்து, அடிக்கவா வேணாமான்னு குழப்பமா இருந்தா, தண்ணியை மட்டும் வடிச்சுட்டு மூணாம் நாள் காலைல போயி குச்சியைப் பாரு. காய்ச்சல் குச்சியைத் தாண்டி எந்தத் திசையில எத்தனை அடி போயிருக்குன்னு அளந்து எழுதி அனுப்பு. தாண்டவே இல்லைன்னா மருந்து வாங்காத.